மனப்பாடத்துக்கு முன்னால் நாக்கு: பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது பற்றி

ஒரு பிள்ளை குர்ஆன் மனனம் செய்ய வந்து உட்கார்ந்தால், எத்தனை சூரா தெரியும் என்று நான் கேட்பதில்லை. ஃபாத்திஹாவை ஓதச் சொல்வேன். "இய்யாக நஃபுது" வரும் வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அங்கே வரும் 'க'வை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்கிறது என்பதிலேயே அது ஓதக் கற்ற வழி எனக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் 'கல்' என்று சொல்லும்போது வரும் 'க' வேறு, 'பகல்' என்று சொல்லும்போது வரும் 'க' வேறு. எழுத்து ஒன்றுதான், ஆனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் நம் நாக்கு அதை மெலித்துவிடும். இது நாம் யோசித்துச் செய்வதல்ல, தாய்மொழிப் பழக்கம். அரபியில் 'இய்யாக'வின் கடைசி எழுத்து 'கல்'லில் வரும் 'க' மட்டுமே. அதைப் 'பகல்' மாதிரிச் சொன்னால், அரபி எழுத்து வரிசையில் இல்லாத ஓர் ஒலி வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் மெலிந்தால் 'ஹ' ஆகிவிடும், அது முழுக்க வேறோர் எழுத்து. அப்படி மெலித்து ஓதும் பிள்ளை பெரும்பாலும் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சூராக்களைப் பார்த்துப் படித்திருக்கும், அல்லது அப்படிப் படித்த பெரியவர் ஒருவரிடம் கேட்டிருக்கும்.

மூக்கொலிக்குப் பின்னால் வரும் வல்லினமும் இதேபோல் மாறும். 'பந்து', 'பங்கு', 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். 'பத்து'வில் வரும் 'த' அல்ல 'பந்து'வில் வருவது. இந்தப் பழக்கத்தோடு ஒரு பிள்ளை 'குன்தும்' என்ற சொல்லை எடுத்தால், 'பந்து'வின் ஓசையோடுதான் அது வரும். ஆனால் அரபியில் அந்த இரண்டு ஓசைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஒன்று தா, மற்றது தால். தா இருக்க வேண்டிய இடத்தில் தால் உட்கார்ந்துவிடுகிறது. 'அன்த' என்ற சொல்லும் நம் வாயில் 'அந்த' ஆகிவிடும். பக்கத்தில் இருந்து கேட்பவருக்கும் தமிழ்க் காதுதான் என்றால் அவருக்கும் பிழை படாது.

குர்ஆனைச் சரியாக ஓதும் முறையைச் சொல்லும் தஜ்வீது நூல்கள் ஓதுதலில் வரும் பிழைகளை இரண்டாகப் பிரிக்கின்றன. லஹ்ன் ஜலீ என்பது வெளிப்படையான பிழை: ஓர் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்தைச் சொல்வது, 'அ' ஓசைக் குறியான ஸபர் இருக்கும் இடத்தில் 'உ' ஓசைக் குறியான பேஷ் சொல்வது, நெடிலைக் குறிலாக்குவது போன்றவை. லஹ்ன் கஃபீ என்பது நுட்பமான பிழை: எழுத்து சரியாக இருக்கும், ஆனால் மூக்கொலியின் நீளம் குறையும், அல்லது கனத்து வர வேண்டிய எழுத்து கொஞ்சம் மெலிந்துவிடும். ஃபாத்திஹாவின் கடைசி ஆயத்தில் 'அன்அம்த' என்பது 'நீ அருள் புரிந்தாய்'. அந்தத் 'த'வைத் 'து' ஆக்கினால் 'நான் அருள் புரிந்தேன்' என்று ஆகிவிடும். இறைவனிடம் சொல்ல வேண்டியதை அடியான் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான். ஒரே ஒரு குறி மாறியதால் வந்த வினை. அதனால்தான் சின்னப் பிள்ளைகளிடம் முதலில் லஹ்ன் ஜலீயை மட்டும் துரத்த வேண்டும், மற்றது பிறகு வரும் என்பது என் கருத்து. ஏழு வயதுப் பிள்ளையிடம் குன்னா என்ற மூக்கொலியின் நீளத்தைச் சரிபார்த்துக்கொண்டு, தாவும் தாலும் குழம்பிக் கிடப்பதை விட்டுவிடும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் எழுத்தில் குர்ஆன் ஓதுவதை நான் ஏன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்கிறேன் என்பது இப்போது புரியும். 'ஸ' என்ற ஒரே எழுத்து அங்கே மூன்று அரபி எழுத்துகளுக்கு நிற்கும்: நாக்கு நுனியை மேல் முன்பல்லின் விளிம்பில் வைத்துச் சொல்லும் ஸா, சீறி வரும் ஸீன், அதே சீறலைக் கனமாக்கிச் சொல்லும் ஸாத். தொண்டை நடுவில் பிறக்கும் ஐனை ஆய்த எழுத்தால் காட்டுவார்கள். அதே ஆய்தம்தான் 'ஃப' என்று எழுதவும் உதவுகிறது. 'நஃபுது' என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், அதை நஃபுது என்று 'எஃப்' ஒலியோடு படிப்பவரைக் குறை சொல்ல முடியாது. வயதான பிறகு இஸ்லாத்துக்கு வந்தவர்களும், சிறு வயதில் ஓதும் வாய்ப்பே கிடைக்காதவர்களும் தொழுகைக்காகத் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொள்வது வேறு விஷயம். திக்கித் திணறி, சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அவர்களுக்கானது. ஆனால் பிள்ளைக்கு எதிரே காலம் கிடக்கிறது. அதன் நாக்கு இன்னும் இறுகவில்லை.

சரி, தமிழ்ப் பிள்ளைக்கு எல்லாமே கஷ்டம்தானா என்றால் இல்லை. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்பது அதற்குப் பிறவியிலேயே தெரியும். அரபியில் மத்து என்ற நீட்டல் இயல்பாக இரண்டு ஹர்கத்து, அதாவது சரியாக நம் நெடில். குறிலையும் நெடிலையும் பேச்சில் பிரிக்காத மொழிக்காரப் பிள்ளைகள் இதைக் கற்கப் படும் பாடு நம் பிள்ளைகளுக்கு இல்லை. நான்கு, ஐந்து, ஆறு ஹர்கத்து நீளும் மத்துகளுக்கு மட்டும் விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணக் கற்றுக்கொடுத்தால் போதும். ஷத்து வரும் இடத்தில் எழுத்தை இரட்டித்து அழுத்துவதும் அப்படித்தான். 'பலி' வேறு, 'பல்லி' வேறு என்று காது ஏற்கனவே பழகியிருக்கிறது.

கஷ்டம் மக்ரஜில் இருக்கிறது. மக்ரஜ் என்றால் எழுத்து பிறக்கும் இடம். இப்னுல் ஜஸரீ, மக்ரஜ்களைப் பதினேழு என்று வகுத்தார். கி.பி. 1429-இல் காலமான இவர்தான் பிற்காலத் தஜ்வீதுக்கு அடிப்படை. பிள்ளைக்குப் பதினேழும் வேண்டாம். வாயின் வெற்றிடம், தொண்டை, நாக்கு, உதடு, மூக்கு என்ற ஐந்து பகுதிகள் போதும். இவற்றில் தொண்டைதான் நமக்குப் புதிய ஊர். தொண்டையின் அடியில் ஹம்ஸாவும் மெல்லிய ஹாவும், நடுவில் ஐனும் அழுத்தமான ஹாவும், மேலே கைனும் காவும் பிறக்கின்றன.

இதைக் கற்றுக்கொடுக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. எந்த எழுத்தின் மக்ரஜ் தெரிய வேண்டுமோ அதற்கு உயிரோசை இல்லை என்று காட்டும் ஸுகூன் குறி போட்டு, முன்னால் ஓர் 'அ' வைத்துச் சொல்ல வேண்டும். 'அப்' என்றால் உதடு மூடுகிறது. 'அத்' என்றால் நாக்கு நுனி மேல்பல் அடியில் நிற்கிறது. ஒலி எங்கே நிற்கிறதோ அதுதான் பிறந்த இடம். தொண்டை எழுத்துகளுக்கும் இதையே செய்து, விரலைக் கழுத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அழுத்தமான ஹாவைத் தேடும் பிள்ளை முதலில் காறித் துப்புவது போல ஒரு கரகரப்பைக் கொண்டுவரும். அது கா. கரகரப்பு இருந்தால் இடம் மேலே போய்விட்டது, இன்னும் கீழே இறங்கு என்பேன். பிறகு குளிர்கால இரவில் கண்ணாடிமேல் வாய்திறந்து ஊதுவது போல ஒரு மூச்சு வரும், ஆனால் அது மெல்லிய ஹா. இந்த இரண்டுக்கும் நடுவே, தொண்டைச் சுவர்கள் நெருங்கி, கரகரப்பு இல்லாமல் மூச்சு மட்டும் உரசி வரும் இடம் ஒன்று இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது அன்றைக்கே கிடைத்துவிடும், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

நாக்கு எழுத்துகளில் நம்மை ஏமாற்றுவது கனத்த தா. அதைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளை 'ட' என்று சொல்லும், ஏனென்றால் கனமான 'த' என்று அதன் காது அறிந்தது 'ட' ஒன்றைத்தான். ஆனால் 'ட'வுக்கு நாக்கு நுனி பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. அரபியின் கனத்த தாவுக்கு நுனி வளையவே கூடாது. மெல்லிய தா நிற்கும் அதே இடத்தில், மேல் முன்பற்களின் அடியில் நிற்க வேண்டும். உயர வேண்டியது நாக்கின் பின்பகுதி. வாயைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னால் பிள்ளையே பிடித்துவிடும்: 'ட' சொல்லும்போது நாக்கின் அடிப்பக்கம் தெரியும், சரியான தாவில் தெரியாது. லாத் இன்னும் சிக்கல். நாக்கின் பக்கவாட்டு ஓரம் மேல் கடைவாய்ப் பற்களில் படிந்து வரும் எழுத்து அது. ரமலான், ரமழான், ரமளான் என்று நாம் மூன்று விதமாக எழுதிக்கொண்டிருப்பதே, நம் முன்னோர் அந்த எழுத்தைப் பிடிக்க எத்தனை பக்கம் கை நீட்டினார்கள் என்பதற்குச் சாட்சி.

இதையெல்லாம் பிள்ளை காயிதா என்ற தொடக்கப் பாடநூலில் படிக்கிறது. முதலில் தனி எழுத்துகள், பிறகு எழுத்துகள் சேர்ந்தால் வடிவம் மாறுவது, பிறகு ஸபர், 'இ' ஓசைக் குறியான ஸேர், பேஷ், அதன்பின் சொல்லின் கடைசியில் நூன் ஓசை தரும் தன்வீன், மத்து, ஸுகூன், ஷத்து. ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, குறியின் பெயர் சொல்லி, பிறகு சேர்த்துப் படிப்பதை ஹிஜ்ஜே என்பார்கள். ஆமை வேகத்தில் போகிறதே என்று வீட்டில் பொறுமை இழப்பார்கள். ஆனால் ஹிஜ்ஜே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, இதுவரை காணாத சொல்லைக் கண்டால் என்ன செய்வது என்று தெரியும். அது இல்லாத பிள்ளை, முன்பு கேட்ட ஏதோ ஒரு சொல்லை ஊகித்துச் சொல்லும். மனனம் தொடங்கிய பிறகு இந்த ஊகம்தான் பெரிய தொல்லை.

ஒரு சூராவை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். எல்லோருக்கும் தெரிந்த அல்-இக்லாஸ், நான்கே ஆயத்து.

முதல் சொல் 'குல்'. இதில் வருவது நாக்கின் அடிப்பகுதி உள்நாக்குப் பக்கம் எழும்பிப் பிறக்கும் கனத்த காஃப். நம் தமிழ்க் 'கு'வைப் போட்டால் அது மெல்லிய காஃப் ஆகும். 'சொல்வீராக' என்பது 'சாப்பிடு' என்று மாறிவிடும். அடுத்து 'ஹுவல்லாஹு'. அல்லாஹ் என்ற பெயரின் லாமுக்கு முன்னால் ஸபரோ பேஷோ இருந்தால் லாமைக் கனமாகச் சொல்ல வேண்டும், ஸேர் இருந்தால் மெல்லியதாக. 'பிஸ்மில்லாஹ்'வில் மெல்லிய லாம் வருவது அதனால்தான். இங்கே முன்னால் இருப்பது ஸபர், எனவே கனம். கனம் என்றதும் 'ள' என்று நாக்கை மடிக்கும் பிள்ளைகள் உண்டு. நுனி அசையக் கூடாது, பின்பகுதி மட்டும் உயர வேண்டும் என்று இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறகு 'அஹத்'. இந்த ஒரு சொல்லில் அரை மணி நேரம் செலவழித்தாலும் வீணில்லை. கடைசி எழுத்து தால், அங்கே நிறுத்துகிறோம். தாலுக்கு ஸுகூன் வரும்போது கல்கலா செய்ய வேண்டும், அதாவது அந்த எழுத்தை அதன் இடத்திலிருந்து லேசாகத் தெறிக்கவிட வேண்டும். கல்கலா எழுத்துகள் ஐந்து: கனத்த காஃப், கனத்த தா, பா, ஜீம், தால். தமிழில் சொல் வல்லின மெய்யில் முடிவதே இல்லை. அப்படி வந்தால் நாம் ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம், நாடு, காது, ஆறு என்பது போல. அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'அஹது' என்று முடிக்கும். அது ஒரு பேஷைச் சேர்த்த மாதிரி. உகரம் வேண்டாம் என்று திருத்தினால் 'அஹத்' என்று 'பத்து'வின் 'த்'தில் அடைத்து நிறுத்தும். அது தா ஆகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே, உயிரும் சேராமல், ஒலியும் அடைபடாமல் ஒரு தெறிப்பு வேண்டும். நான் செய்வது இதுதான்: ஆசிரியர் சொல்ல, பிள்ளை கண்ணை மூடிக் கேட்க வேண்டும், பல தடவை. பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கேட்பதற்கு முன் சொல்லவிட்டால் பழைய 'அஹது'வே திரும்பத் திரும்ப வந்து உறுதிப்பட்டுவிடும்.

இரண்டாவது ஆயத்து 'அல்லாஹுஸ் ஸமத்'. ஸாத் கனத்த எழுத்து, மறுபடி தாலில் கல்கலா. இங்கே ஒரு சோதனை வைக்கலாம். முதல் ஆயத்தில் நிறுத்தாமல் இரண்டாவதோடு சேர்த்து ஓதச் சொல்லுங்கள். காதால் மட்டும் மனனம் செய்த பிள்ளை, 'அஹத் அல்லாஹுஸ்' என்று மூச்சு விடாமல் இரண்டு துண்டுகளை ஒட்டும். சட்டம் தெரிந்த பிள்ளை 'அஹதுனில்லாஹுஸ் ஸமத்' என்று ஓதும். நிறுத்தும்போது மறைந்திருந்த தன்வீன் சேர்க்கும்போது வெளியே வருகிறது, அடுத்த ஸுகூனைச் சந்திப்பதால் அதன் நூனுக்கு ஒரு ஸேர் கிடைக்கிறது, அந்த ஸேரால் இப்போது அல்லாஹ்வின் லாம் மெல்லியதாகிறது. ஒரு நிறுத்தத்தை எடுத்ததும் மூன்று இடங்களில் ஓசை மாறுகிறது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். சட்டம் என்பது தண்டனைக்கு இல்லை, ஓசைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அதற்கு அப்போதுதான் தெரிகிறது.

'லம் யலித் வலம் யூலத்' என்பதில் இரண்டு லம்மிலும் மீமைத் தெளிவாக மூடி உடனே விட வேண்டும், ரீங்காரம் கூடாது. 'யூ' இரண்டு ஹர்கத்து, அதற்குமேல் இழுக்க வேண்டாம். கடைசி ஆயத்தில் நூனின் சட்டங்கள் இரண்டு வருகின்றன. எழுத்தில் 'யகுன் லஹூ' என்று இருக்கிறது, ஓதும்போது 'யகுல்லஹூ'. ஸுகூன் பெற்ற நூனுக்குப் பின் லாம் வந்தால் நூன் முழுதாக லாமில் கரைந்துவிடும், மூக்கொலியும் மிஞ்சாது. இது இத்காம். அடுத்து 'குஃபுவன் அஹத்'. இங்கே தன்வீனுக்குப் பின் ஹம்ஸா, தொண்டை எழுத்து. எனவே நூன் ஓசை தெளிவாக வர வேண்டும், இது இழ்ஹார்.

மரம், கள் இரண்டும் சேர்ந்து மரங்கள் ஆவதைப் படிக்கும் பிள்ளைக்கு இது ஒன்றும் அந்நியமில்லை, இதுவும் புணர்ச்சி விதிதான். நூனுக்குப் பின் வரும் இருபத்தெட்டு எழுத்துகளும் நான்கு குழுவாகப் பிரிகின்றன. தொண்டை எழுத்து ஆறுக்கு இழ்ஹார், ஆறுக்கு இத்காம், பா ஒன்றுக்கு மட்டும் நூன் மீமாக மாறும் இக்லாப், மீதி பதினைந்துக்கு இக்ஃபா. இக்ஃபா என்றால் நாக்கு நுனி நூனின் இடத்தில் ஒட்டாமல், மூக்கில் இரண்டு ஹர்கத்து நேரம் ஒலியைப் பிடித்து அடுத்த எழுத்துக்குப் போவது. அல்-இக்லாஸில் இக்ஃபா வரவில்லை. வேறு இடத்தில் 'மின் கப்லிக' வரும்போதுதான் நம் நாக்கின் பழைய குணம் மறுபடி தலைகாட்டும். 'பங்கு' சொல்வது போல முழு 'ங்' போட்டு, அடுத்து வரும் கனத்த காஃபையும் மெலித்துவிடும். நூனைத் திருத்தப் போனால் காஃபும் சேர்ந்து திருந்த வேண்டும். தனித்தனியாகத் திருத்தினால் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும்.

இத்தனை பாடும் ஏன் மனனத்துக்கு முன்னால் வேண்டும்? மனனமாகிவிட்ட பிழையை எடுப்பது, புதிதாக ஒரு பக்கம் மனனம் செய்வதைவிடக் கடினம். பிள்ளை சொல்லை மட்டும் மனதில் வைப்பதில்லை, நாக்கின் அசைவையும் சேர்த்தே வைக்கிறது. 'அஹது' என்று நூறு தடவை சொல்லி மனனம் செய்த பிள்ளை, கவனமாக இருக்கும்போது திருத்தி ஓதும், தொழுகையில் வேகம் பிடித்ததும் 'அஹது'வுக்கே திரும்பிவிடும்.

குர்ஆன் நம்மிடம் வந்து சேர்ந்த விதமும் இதுதான். நபி (ஸல்) அவர்கள் ஓத, தோழர்கள் கேட்டு மனதில் வைத்தார்கள். எழுதியும் வைத்தார்கள், ஆனால் அந்தக் கால எழுத்தில் எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகள் பெரும்பாலும் இல்லை, ஸபர், ஸேர் குறிகள் இல்லவே இல்லை. பா, தா, ஸா மூன்றுக்கும் ஒரே கோடு. ஏற்கனவே கேட்டு மனதில் வைத்திருந்தவருக்கு அது நினைவூட்டும், கேட்காதவருக்கு அது வாசிக்க உதவாது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் கொல்லப்பட்டபோது உமர் (ரலி) கவலைப்பட்டு அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போனது இதனால்தான். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) தலைமையில் எழுத்துகள் ஒன்று திரட்டப்பட்டன, அப்போதும் மனிதர்களின் நெஞ்சிலிருந்ததும் சேர்த்தே திரட்டப்பட்டது. உயிர்க்குறிகளுக்குப் புள்ளி வைக்கும் முறையைத் தொடங்கியவர் அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பார்கள், இன்று நாம் காணும் குறிகளின் வடிவம் கலீல் இப்னு அஹ்மத் தந்தது. இவ்வளவு குறிகளும் வந்த பிறகும், கல்கலாவின் தெறிப்பையும் இக்ஃபாவின் ரீங்காரத்தையும் எந்தக் குறியும் காட்டிவிட முடியாது. அதை இன்றும் ஒரு வாயிலிருந்து ஒரு காதுதான் எடுத்துக்கொள்கிறது.

மனனம் எல்லோருக்கும் உரியது. ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா ஓத வேண்டியிருப்பதால், கொஞ்சமேனும் மனனம் இல்லாமல் தொழுகை இல்லை. முப்பது ஜுஸ்உவும், அதாவது குர்ஆனின் முப்பது பாகங்களும், மனனம் செய்வது சிலர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. பரவலாகப் புழங்கும் மதீனாப் பதிப்பு முஸ்ஹஃபில் 604 பக்கங்கள், பக்கத்துக்குப் பதினைந்து வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தோடு முடியும். நாளைக்கு அரைப் பக்கம் என்றால், ஒரு நாள்கூட விடாமல் போனாலும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். தொடங்கிய பதிப்பை நடுவில் மாற்றக் கூடாது. பிள்ளைக்கு ஓர் ஆயத்து இடப்பக்கத்தில் மேலே இருந்தது, இந்தச் சொல்லோடு வரி முடிந்தது என்று கண்ணும் சேர்ந்து நினைவு வைக்கிறது. வேறு பதிப்பைக் கொடுத்தால் அந்தத் துணை போய்விடும்.

ஒரு நாளைய வேலை மூன்று பங்காகப் பிரியும். ஸபக் என்பது இன்றைய புதுப் பாடம். ஸப்கி என்பது அண்மையில் முடித்த பக்கங்கள், பொதுவாக இப்போது ஓதிக்கொண்டிருக்கும் ஜுஸ்உ. மன்ஸில் என்பது அதற்கு முன் முடித்த பழைய பாடம், சுற்று முறையில். புதுப் பாடத்தை முதல் நாள் மாலையே ஆசிரியர் முன்னால் பார்த்து ஓதித் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தாத பக்கத்தை வீட்டில் தனியாக மனனம் செய்துவிட்டு வந்தால் பிழையும் சேர்ந்து மனனமாகியிருக்கும். பெற்றோர் கேட்பது பெரும்பாலும் "இன்னைக்கு ஸபக் எத்தனை வரி?" என்றுதான். "மன்ஸில்ல எத்தனை இடம் தடுக்கிச்சு?" என்று கேட்பவர் அரிது. எனக்கு முக்கியம் இரண்டாவது கேள்வி. மன்ஸிலில் ஒரு ஜுஸ்உவுக்குள் பல இடங்களில் நின்றுவிட்டால், அன்றைக்குப் புதுப் பாடத்தை நிறுத்திவிட வேண்டும். வேகமாக ஓடிக் குர்ஆனை முடித்துவிட்டு, முதல் பத்து ஜுஸ்உவை மறந்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. கட்டிப்போட்ட ஒட்டகம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடுவதைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சிலிருந்து நழுவும் என்று நபி (ஸல்) எச்சரித்தது இதைத்தான். அவர்களே ஒவ்வொரு ரமழானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களோடு ஓதிச் சரிபார்த்தார்கள், வாழ்வின் கடைசி வருடத்தில் இரண்டு முறை.

மறதியைவிடத் தந்திரமானது முதஷாபிஹ், ஒன்றுபோல் இருக்கும் ஆயத்துகள். அல்-பகராவின் 47-வது ஆயத்தும் 122-வதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அடுத்து வரும் 48-ம் 123-ம் தொடக்கத்தில் ஒன்றேதான். 48-இல் முதலில் 'ஷஃபாஅத்', அதாவது பரிந்துரை, ஏற்கப்படாது என்று வரும், பிறகு 'அத்ல்', ஈடு. 123-இல் வரிசை திரும்பி 'அத்ல்' முன்னால் வரும், 'ஷஃபாஅத்' பின்னால். 48-ஐ ஓதும் பிள்ளை அந்த இடத்தில் 'அத்ல்' என்று வாய்தவறினால், ஒரு தடங்கலும் இல்லாமல் 123-ஐ முடித்துவிட்டு, இப்ராஹீம் (அலை) சோதிக்கப்பட்ட 124-க்குப் போய்விடும். ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றிய 49-வது ஆயத்து வரவே வராது. எழுபத்தைந்து ஆயத்துகள் காணாமல் போயிருக்கும், பிள்ளை தயங்கவும் இல்லை, திணறவும் இல்லை. கேட்பவர் தூங்கி வழிந்தால் அவருக்கும் தெரியாது. இதற்கு மருந்து, இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓதவைப்பது. முதலில் வருவதில் ஷஃபாஅத் முந்தும், பின்னால் வருவதில் அத்ல் முந்தும் என்று பிள்ளையே சொல்ல வேண்டும். பொருளும் இங்கே கைகொடுக்கும். 48-க்குப் பின் பனூ இஸ்ராயீலின் கதை தொடங்குகிறது, 123-க்குப் பின் இப்ராஹீமின் கதை. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த பிள்ளை வழிதவறினாலும் சீக்கிரம் திரும்பிவிடும். பொருள் தெரியாமலே மனனம் செய்யலாம், பல லட்சம் பேர் செய்கிறார்கள். ஆனால் பத்து வயதுக்கு மேல் ஆன பிள்ளைக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் யாருடைய கதை நடக்கிறது என்றாவது சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்பேன்.

பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பயந்த பிள்ளை வேகமாக ஓதும், வேகத்தில் முதலில் போவது மத்தும் குன்னாவும், அப்புறம் தொண்டை எழுத்துகள். அடிக்குப் பயந்து ஓதும் பிள்ளையின் ஐன் ஹம்ஸாவாகச் சுருங்கிவிடும், தொண்டை இறுகியிருக்கும்போது அந்த எழுத்து வரவே வராது. இது கருணைப் பேச்சு மட்டுமில்லை, மக்ரஜ் அப்படித்தான் இயங்குகிறது.

தராவீஹில் முழுக் குர்ஆனையும் ஓதும் ஹாஃபிழுக்குப் பின்னால் இன்னொரு ஹாஃபிழ் நின்று கேட்பார். பிள்ளைகளை முதலில் அந்த இடத்தில் நிறுத்திப் பழக்குவது எனக்குப் பிடிக்கும், ஓதுவதைவிடக் கேட்டுப் பிடிப்பதில் கவனம் கூர்மையாகும். அதற்கும் ஒரு முறை உண்டு. இமாம் நின்றால் உடனே எடுத்துக்கொடுக்கக் கூடாது, அவரே பின்னால் போய் முந்தைய ஆயத்திலிருந்து பிடிக்க நேரம் கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால், தொலைந்த சொல்லை மட்டும் முணுமுணுக்காமல், அதற்கு முந்திய இரண்டு மூன்று சொற்களோடு சேர்த்துத் தெளிவாக, அதே தஜ்வீதோடு ஓத வேண்டும். இமாம் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடுவார்.